விலை கம்மியா போட்டும் பை பாக்ஸ் ஏன் கிடைக்கல? அமேசான்ல ஒரே பொருளைப் பல பேர் விக்கும்போது என்ன நடக்குது

அமேசான்ல விக்கிறவங்க கிட்ட பேசினா திரும்பத் திரும்ப கேக்கற ஒரு புலம்பல் இருக்கு. "அதே பொருள்தான், என் விலைதான் கம்மி, ஆனா ஆர்டர் பூரா இன்னொரு செல்லருக்குப் போகுது." உடனே அவங்க செய்யற முதல் வேலை விலையை இன்னும் இருபது ரூபா இறக்கறது. ரெண்டு நாள் பாக்கறாங்க, ஒண்ணும் நகரலன்னா இன்னும் இருபது. கடைசில லாபமும் போயிடுது, ஆர்டரும் வரல. இது ஏன் இப்படி ஆகுதுன்னு அடிப்படைலேர்ந்து பாப்போம். அமேசான் இந்தியாவையே உதாரணமா எடுத்துக்கறேன், ஏன்னா இங்க படிக்கிற நிறைய செல்லருங்க அங்கதான் இருக்காங்க.

## ஒரே பக்கம், பல செல்லர்

அமேசான்ல ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்துக்கு ஏசின்ங்கற ஒரு நம்பர் உண்டு, லிங்க்ல `/dp/` முடிஞ்ச உடனே வர்ற பத்து எழுத்து அதுதான். ஒரு பிராண்டோட ஒரு லிட்டர் ஃப்ளாஸ்க்கை நீங்க வித்தாலும், சேலத்துல ஒருத்தர் வித்தாலும், டெல்லில ஒருத்தர் வித்தாலும் எல்லாரும் அந்த ஒரே ஏசின்லதான் போய் ஒட்டிக்கணும். போட்டோ, டைட்டில், ரிவ்யூ எல்லாம் பொது. உங்களோடதுன்னு இருக்கறது விலை, ஸ்டாக், டெலிவரி முறை, உங்க செல்லர் ரெக்கார்டு, இவ்வளவுதான். இந்த நாலும் சேர்ந்ததுக்குப் பேருதான் ஆஃபர்.

இப்போ வாங்க வந்தவர் `Add to Cart` பட்டனை அழுத்தறார். அது யாரோட ஆஃபர்? அஞ்சு பேர் இருந்தாலும் அந்த நேரத்துல ஒருத்தரோட ஆஃபர்தான் பட்டனுக்குப் பின்னாடி இருக்கும். அந்த இடத்துக்குத்தான் பை பாக்ஸ்னு பேரு, இப்போ அமேசான் அதை ஃபீச்சர்ட் ஆஃபர்னு சொல்லுது. மத்த நாலு பேரும் "மற்ற செல்லர்கள்"னு கீழ ஒரு லிங்க்குக்குள்ள இருப்பாங்க. அதை அழுத்திப் பாக்கறவங்க ரொம்பக் கம்மி. 2023 செப்டம்பர்ல அமெரிக்காவோட ஃபெடரல் டிரேட் கமிஷன் அமேசான் மேல போட்ட வழக்குல, அமேசான் விற்பனைல கிட்டத்தட்ட 98 சதவீதம் பை பாக்ஸ் வழியாத்தான் நடக்குதுன்னு சொல்லியிருக்கு. அதனால பை பாக்ஸ் இல்லாத செல்லர் அந்தப் பக்கத்துல பேருக்குத்தான் இருக்கார்.

இன்னொரு விஷயம், இதை "ஜெயிச்சாச்சு, இனி என்னோடது"ன்னு நினைக்கக் கூடாது. பட்டன் ஒருத்தர் கைல நிரந்தரமா இருக்காது. ஓரளவு சமமான ஆஃபர் ரெண்டு மூணு இருந்தா சுத்தி சுத்தி வரும், வாங்கறவர் எந்த பின்கோடுல இருக்கார், பிரைம் மெம்பரா இல்லையாங்கறதைப் பொறுத்தும் மாறும். மதுரைல உக்காந்து பாக்கும்போது உங்க பேரு இருக்கும், அதே நேரத்துல லக்னோல பாக்கறவருக்கு வேற பேரு இருக்கும். உங்க போன்ல திறந்து பாத்துட்டு "எனக்குத்தான் இருக்கு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க.

## விலையைத் தொடறதுக்கு முன்னாடி, எந்த நிலைமைன்னு பாருங்க

பை பாக்ஸ் இல்லைன்னா மூணுல ஒண்ணுதான் நடந்திருக்கும். மூணுக்கும் காரணம் வேற, செய்ய வேண்டியதும் வேற, இந்த இடத்துலதான் பெரும்பாலானவங்க தடுமாறிடறாங்க.

1. நீங்க போட்டிலயே இல்ல. உங்க அக்கவுண்ட்டுக்கோ அந்த ஆஃபருக்கோ தகுதியே இல்ல. செல்லர் சென்ட்ரல்ல இன்வென்ட்டரி பக்கத்துல `Featured Offer Eligible`னு ஒரு நெடுவரிசை இருக்கு, தெரியலன்னா செட்டிங்ல போய் ஆன் பண்ணிக்கணும். அதுல இல்லைன்னு காட்டினா விலையை எவ்வளவு இறக்கினாலும் பிரயோஜனம் இல்ல.

2. போட்டில இருக்கீங்க, ஆனா தோக்கறீங்க. பட்டன் இருக்கு, வேற செல்லர் பேரு காட்டுது.

3. யாருக்குமே இல்ல. பக்கத்துல `Add to Cart` பட்டனே காணோம், அதுக்குப் பதிலா `See All Buying Options`னு மட்டும் இருக்கு. இங்க உங்களுக்குப் போட்டி பக்கத்துல இருக்கற செல்லர் இல்ல, வெளில இருக்கற விலை.

எவ்வளவு நேரம் உங்க கைல இருந்துச்சுன்னு தெரிஞ்சுக்க `Business Reports`ல `Detail Page Sales and Traffic By Child Item` ரிப்போர்ட்டைத் திறங்க. அங்க ஃபீச்சர்ட் ஆஃபர் பர்சன்ட்டேஜ்னு ஒரு நெடுவரிசை இருக்கும். பக்கம் பாக்கப்பட்ட தடவைகள்ல எத்தனை சதவீதம் பட்டன் உங்களோடதா இருந்துச்சுங்கறதுதான் அது. இதைப் பாக்காம அதே ரிப்போர்ட்ல இருக்கற கன்வெர்ஷனை மட்டும் பாக்கறவங்க ஏமாந்துடுவாங்க. ஏன்னா செஷன்ஸ்னு காட்டறது அந்தப் பக்கத்துக்கு வந்தவங்க கணக்கு, பட்டன் யாரோடதா இருந்தாலும் சேரும். ஆயிரம் பேர் வந்து இருபது ஆர்டர்னா ரெண்டு சதவீதம், மோசமா தெரியும். ஆனா அந்த வாரம் பட்டன் உங்க கைல 25 சதவீதம்தான் இருந்துச்சுன்னா, உங்களோடதைப் பாத்தது சுமார் 250 பேர், அதுல இருபது ஆர்டர்னா எட்டு சதவீதம், அது நல்ல எண்ணு. பொருள்ல குறை இல்ல, பக்கத்துல குறை இல்ல, பட்டன்தான் இல்ல.

விளம்பரம் ஓட்டறவங்களுக்கு இன்னொரு அடையாளம் இருக்கு. ஸ்பான்சர்ட் ப்ராடக்ட்ஸ் விளம்பரம் பை பாக்ஸ் உங்க கைல இருக்கும்போதுதான் காட்டப்படும். பட்ஜெட் மாத்தல, பிட் மாத்தல, ஆனா திடீர்னு இம்ப்ரெஷன் படுத்துடுச்சுன்னா கீவேர்டைப் போட்டுக் குடையாதீங்க, முதல்ல பட்டன் யாரு கைலன்னு பாருங்க.

## முதல் நிலைமை: தகுதி போயிடறது

தகுதிக்கு வேண்டியது பெருசா ஒண்ணும் இல்ல, பொருள் புதுசா இருக்கணும், ஸ்டாக் இருக்கணும், செல்லர் ரெக்கார்டு கெட்டுப்போகாம இருக்கணும். ரெக்கார்டுல முக்கியமான மூணு அளவு: ஆர்டர் டிஃபெக்ட் ரேட் 1 சதவீதத்துக்குக் கீழ, அனுப்பறதுக்கு முன்னாடி நீங்களே கேன்சல் பண்றது 2.5 சதவீதத்துக்குக் கீழ, லேட்டா டிஸ்பேட்ச் பண்றது 4 சதவீதத்துக்குக் கீழ.

இதுல சின்ன செல்லரை அடிக்கிறது முதல் அளவுதான். டிஃபெக்ட்னா கெட்ட ஃபீட்பேக், வாங்கினவர் அமேசான் கிட்டயே பணத்தைத் திரும்பக் கேக்கற ஏ டு இசட் கிளெய்ம், கார்டு பேமெண்ட்டைத் திரும்பக் கேக்கறது, இந்த மூணும். 60 நாள் கணக்கு. 60 நாள்ல 2,000 ஆர்டர் பண்றவருக்கு பத்தொம்பது டிஃபெக்ட் வரைக்கும் எல்லைக்குள்ளதான். அதே 60 நாள்ல 80 ஆர்டர் பண்றவருக்கு ஒரே ஒரு டிஃபெக்ட் வந்தா 1.25 சதவீதம், எல்லை தாண்டிடுச்சு. புதுசா ஆரம்பிச்சவங்களுக்கு நல்லா போயிட்டிருந்த பட்டன் திடீர்னு காணாம போறதுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரே ஒரு கஸ்டமர், ஒரே ஒரு உடைஞ்ச பார்சல், அவ்வளவுதான்.

அதனால ஆர்டர் கம்மியா இருக்கற கட்டத்துல ஒவ்வொரு புகாருக்கும் கிளெய்ம் ஆகறதுக்கு முன்னாடியே பதில் போட்டு, பணத்தைத் திருப்பிக் குடுக்கறதுன்னா குடுத்துடறது நல்லது. நூறு ரூபா இருநூறு ரூபா நஷ்டம் பாத்து வாக்குவாதம் பண்ணி கிளெய்ம் வரைக்கும் விட்டா, பட்டன் போற நஷ்டம் அதைவிடப் பெருசு. எஃப்பிஏல, அதாவது பொருளை அமேசான் குடோன்லயே வச்சு அவங்களே பேக் பண்ணி அனுப்பற முறைல, டெலிவரி சம்பந்தமா வர்ற கெட்ட ஃபீட்பேக்கை அமேசான் தன் பொறுப்புன்னு சொல்லி அடிச்சுடும், உங்க கணக்குல சேராது. நீங்களே கூரியர்ல அனுப்பினா கூரியர்காரர் பண்ற தப்பும் உங்க தலைலதான்.

## ரெண்டாவது நிலைமை: இருக்கோம், ஆனா தோக்கறோம்

அமேசான் இந்தக் கணக்கோட ஃபார்முலாவை வெளில சொன்னது கிடையாது. விலை, டெலிவரி வேகம், செல்லர் ரெக்கார்டு, ஸ்டாக் இதெல்லாம் பாக்கறோம்னு மட்டும் சொல்லும். 2016ல அமெரிக்காவுல ப்ரோபப்ளிகாங்கற செய்தி நிறுவனம் 250 பொருளை எடுத்து வாரக்கணக்குல கவனிச்சுது. கணிசமா விலை கம்மியான ஆஃபர் இருந்தும், சுமார் முக்கால்வாசி தடவை அமேசானோட சொந்த ஆஃபரோ இல்ல அமேசான் டெலிவரி சேவைக்குக் காசு குடுக்கற செல்லரோட ஆஃபரோதான் பட்டன்ல இருந்துச்சுன்னு எழுதினாங்க. ஆக கம்மி விலை மட்டும் போதாதுங்கறது வெறும் செல்லர் புலம்பல் இல்ல.

விலைன்னா இங்க எந்த விலைங்கறதையும் தெளிவா புரிஞ்சுக்கணும். பொருள் விலையும் டெலிவரி சார்ஜும் சேர்ந்த மொத்தம்தான் கணக்கு, செல்லருங்க இதை லேண்டட் பிரைஸ்னு சொல்வாங்க. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பாப்போம். அந்த ஃப்ளாஸ்க்கையே எடுத்துக்கலாம், மூணு செல்லர்.

- முதல் செல்லர்: பொருள் 1,349, டெலிவரி 60, மொத்தம் 1,409. சொந்தமா கூரியர்ல அனுப்பறார், வந்து சேர ஆறு நாள்.
- ரெண்டாவது செல்லர்: 1,399, டெலிவரி ஃப்ரீ. ஈஸி ஷிப், அதாவது பொருள் அவர் கிட்ட இருக்கும், அமேசான் ஆளு வந்து எடுத்துட்டுப் போவாங்க. மூணு நாள்.
- மூணாவது செல்லர்: 1,425, டெலிவரி ஃப்ரீ. எஃப்பிஏ, பிரைம் பேட்ஜ் உண்டு, நாளைக்கே வந்துடும்.

முதல் செல்லர் "என்னோடதுதான் கம்மி, 1,349"னு நினைச்சுட்டிருக்கார். மொத்தத்துல பாத்தா ரெண்டாவது ஆளு அவரைவிட பத்து ரூபா கம்மி, அதுவும் மூணு நாள் முன்னாடி குடுக்கறார். மூணாவது ஆளு பதினாறு ரூபா அதிகம், ஆனா நாளைக்கே. சென்னை பெங்களூர் மாதிரி ஊர்ல பிரைம் மெம்பருக்கு மூணாவது ஆளோட பேரு வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம், மத்தவங்களுக்கு ரெண்டாவது ஆளு பங்கு எடுத்துப்பார். முதல் ஆளுக்கு மிச்சம் மீதி.

சரி, முதல் ஆளு விலையை அம்பது ரூபா இறக்கி 1,299 ஆக்கறார்னு வைங்க, மொத்தம் 1,359. இப்போ அவர் கைல என்ன நிக்குதுன்னு பாக்கணும். ஜிஎஸ்டியைத் தனியா வச்சுட்டு, வாங்கின விலை 1,020, பேக்கிங் 20, கூரியர் 85, அமேசானோட நிலையான கட்டணம் 30, ரிட்டர்னுக்குன்னு ஒதுக்கறது 25, ஆக 1,180. இது போக மொத்த விலைல பத்து சதவீதம் கமிஷன்னு வச்சுக்குவோம். (கமிஷனும் கட்டணமும் கேட்டகரிக்கு கேட்டகரி மாறும், அடிக்கடி திருத்துவாங்க, உங்க பொருளுக்கு என்னன்னு செல்லர் சென்ட்ரல்ல பாத்துப் போடுங்க.) அப்போ நஷ்டம் இல்லாத கடைசி விலை இதுதான்:

```
கடைசி விலை = மொத்தச் செலவு ÷ (1 − கமிஷன்)
           = 1,180 ÷ 0.90
           = 1,311
```

1,409ல விக்கும்போது அவருக்கு நின்னது சுமார் 88 ரூபா. 1,359ல நிக்கறது 43 ரூபா. பாதி லாபம் போச்சு, ஆனா ஆறு நாள் டெலிவரி ஆறு நாளாவேதான் இருக்கு. தோத்தது விலைல இல்ல, நாள்ல, அதை அம்பது ரூபாவால சரிக்கட்ட முடியாது.

இதே ஆளு எஃப்பிஏக்கு மாறினா? வாங்கின விலை 1,020, குடோனுக்கு அனுப்ப 15, அமேசான் எடுத்து பேக் பண்ணி அனுப்பறதுக்கு 95, ஸ்டோரேஜ் 8, நிலையான கட்டணம் 30, ரிட்டர்ன் 25, மொத்தம் 1,193. கடைசி விலை 1,326. அதாவது முன்னைவிட பதினஞ்சு ரூபாதான் மேல. இப்போ 1,415னு போடறார், மூணாவது ஆளைவிட பத்து ரூபா கம்மி, அதே வேகம், அதே பேட்ஜ். ஒரு பீஸுக்கு நிக்கறது சுமார் 80 ரூபா. பொருள் விலையை 1,349லேர்ந்து 66 ரூபா ஏத்தியும் போட்டில வலுவா இருக்கார். பல செல்லருக்கு இந்தக் கணக்கு தலைகீழா தோணும், ஆனா பேப்பர்ல போட்டுப் பாத்தா புரியும்.

எஃப்பிஏ எல்லாருக்கும் சரி வராது, அதையும் சொல்லணும். மெதுவா ஓடற பொருள், பெருசா இடம் அடைக்கிற பொருள்னா ஸ்டோரேஜ் கட்டணம் லாபத்தைத் தின்னுடும். இன்னொண்ணு ஜிஎஸ்டி. தமிழ்நாட்டு ஜிஎஸ்டி பதிவு மட்டும் வச்சிருந்தா தமிழ்நாட்டுக்குள்ள இருக்கற அமேசான் குடோனை உங்க கூடுதல் தொழில் இடமா சேர்த்துத்தான் பொருள் வைக்க முடியும். கர்நாடகாவுலயோ ஹரியானாவுலயோ வைக்கணும்னா அந்த மாநிலத்துல தனியா ஜிஎஸ்டி நம்பர் எடுத்தாகணும். அதை எடுக்காதவரைக்கும் வடக்கே இருக்கறவருக்கு உங்க ஃப்ளாஸ்க் இங்கிருந்துதான் போகணும், டெல்லி குடோன்ல அதே பொருளை வச்சிருக்கற செல்லர் அங்க உங்களை முந்திடுவார். உங்க பர்சன்ட்டேஜ் நாப்பதுக்கு மேல போகாம நிக்குதுன்னா பாதி நேரம் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

காசே செலவு பண்ணாம செய்யக்கூடிய ஒரு வேலையும் இருக்கு. சொந்தமா அனுப்பறவங்க ஹேண்ட்லிங் டைம்னு ஒண்ணு செட் பண்ணுவாங்க, ஆர்டர் வந்ததுலேர்ந்து கூரியர்ல போடறதுக்கு எத்தனை நாள்னு. பயத்துல மூணு நாள்னு வச்சுட்டு நிஜத்துல மறுநாளே அனுப்பிட்டிருப்பாங்க. அமேசான் வாங்கறவருக்குக் காட்டற தேதி ஹேண்ட்லிங் டைமையும் கூரியர் நாளையும் கூட்டித்தான் வரும், நீங்க நிஜமா எவ்வளவு சீக்கிரம் அனுப்பறீங்கங்கறது அங்க தெரியாது. மறுநாள் அனுப்ப முடியும்னு நிச்சயமா இருந்தா ஒரு நாள்னு மாத்துங்க. முடியாதுன்னா மாத்தாதீங்க, ஏன்னா லேட் டிஸ்பேட்ச் 4 சதவீதம் தாண்டினா முதல் நிலைமைக்கே போயிடுவீங்க.

## மூணாவது நிலைமை: பட்டனே காணோம்

இதுதான் செல்லருங்களை ரொம்ப குழப்பறது. நீங்க ஒரே ஆள்தான் அந்தப் பக்கத்துல, போட்டிக்கு யாரும் இல்ல, ரெக்கார்டும் சுத்தம், அப்பவும் பட்டன் இல்ல.

காரணம் பெரும்பாலும் விலை ஒப்பீடு. அமேசான் தன் பக்கத்துல இருக்கற விலையை, அதே பொருள் வெளில மத்த பெரிய கடைகள்ல என்ன விலைன்னு பாத்து ஒப்பிடுது, முன்னாடி இங்கேயே என்ன விலைக்குப் போச்சுன்னும் பாக்குது. உங்க விலை அதைவிட அதிகமா தெரிஞ்சா யாரையும் பட்டன்ல வைக்காம விட்டுடும். செல்லர் சென்ட்ரல்ல `Pricing Health` பக்கத்துல எந்த விலையோட ஒப்பிட்டாங்கன்னு ஒரு எண்ணு காட்டும்.

அந்த எண்ணைப் பாத்த உடனே விலையை இறக்கிடாதீங்க. முதல்ல ரெண்டு விஷயம் சரி பாக்கணும்.

1. ஒப்பிட்டது அதே பொருள்தானா? நீங்க ரெண்டு பீஸ் செட் விக்கறீங்க, வெளில ஒரு பீஸ் விலையோட ஒப்பிட்டிருப்பாங்க. இல்லன்னா முக்கால் லிட்டர் மாடலோட ஒப்பிட்டிருப்பாங்க. அப்படின்னா விலைல பிரச்சனை இல்ல, பக்கத்துல இருக்கற அளவு, பீஸ் எண்ணிக்கை, பார்கோடு விவரம் தப்பா இருக்கும். அதைத் திருத்தி, செல்லர் சப்போர்ட்டுக்கு ஒப்பீடு தப்புன்னு ஆதாரத்தோட எழுதணும்.

2. அந்த வெளி விலையை வச்சது யாரு? சில நேரம் நீங்களேதான். சொந்த வெப்சைட்ல பண்டிகைத் தள்ளுபடி போட்டிருப்பீங்க, இல்ல இன்னொரு ஆப்ல நீங்க விக்கற பொருளுக்கு அந்த ஆப் கம்பெனியே உங்க விலையை வெட்டி சலுகை குடுத்திருக்கும். உங்க டிஸ்ட்ரிப்யூட்டர் பழைய ஸ்டாக்கை வேற இடத்துல தள்ளிட்டிருக்கலாம். காரணம் தற்காலிகம்னா காத்திருக்கறது தப்பில்ல, அந்த ஸ்டாக் தீர்ந்தா பட்டன் தானா திரும்பி வரும்.

வெளில கம்மியா குடுக்கவே முடியாதபடி இந்த ஒப்பீடு செல்லர் கையைக் கட்டிடுதுங்கறது ஒரு பெரிய குற்றச்சாட்டு. அமேசான் கமிஷன் அதிகம், சொந்த சைட்ல செலவு கம்மி, அதனால அங்க கம்மி விலைக்குக் குடுக்கலாம்னா அமேசான்ல பட்டன் போயிடும். அதனால செல்லர் அங்கயும் விலையை ஏத்திடறார், நஷ்டம் வாங்கறவருக்கு. நான் முன்னாடி சொன்ன 2023 வழக்குல இதுவும் ஒரு முக்கியமான வாதம். என் பார்வைல இந்த வாதத்துல நியாயம் இருக்கு. தன் கடைல அதிக விலை காட்டக் கூடாதுன்னு அமேசான் நினைக்கறது புரியுது, ஆனா அதோட விளைவு இன்னொரு கடைல கம்மி விலை இல்லாம போறதுன்னா அது வாங்கறவருக்கு உதவி இல்ல.

மத்த நாடுகள்லயும் இந்தப் பட்டன் மேல கண்ணு விழுந்திருக்கு. 2022 டிசம்பர்ல ஐரோப்பிய கமிஷன் கிட்ட அமேசான் சில உறுதி குடுத்துது: பட்டனுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது எல்லா செல்லரையும் சமமா நடத்தறோம், விலைலயோ டெலிவரிலயோ நல்ல வித்தியாசம் இருக்கற ரெண்டாவது ஆஃபர் இருந்தா அதையும் கண்ணுல படற மாதிரி காட்டறோம்னு. இந்தியாவுல போட்டி ஆணையம் 2020 ஜனவரில விசாரணைக்கு உத்தரவு போட்டுது. சில செல்லருக்கு மட்டும் முன்னுரிமை குடுத்தாங்கன்னு அதோட விசாரணை அறிக்கை சொன்னதா 2024ல செய்தி வந்துச்சு, அமேசான் அதை மறுக்குது. இங்க ஐரோப்பா மாதிரி ரெண்டாவது ஆஃபர் ஏற்பாடு வராதவரைக்கும் அந்த ஒரு இடத்துக்குத்தான் எல்லாரும் முட்டிக்கணும்.

## ரீப்ரைசர் போடறதுன்னா

ரீப்ரைசர்னா போட்டி விலை மாறும்போது உங்க விலையைத் தானா மாத்தற மென்பொருள். அமேசானே `Automate Pricing`னு ஒண்ணு இலவசமா தருது. பயன்படுத்தறது தப்பில்ல, ஆனா விதியை எப்படி எழுதறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

நிறைய பேர் "பை பாக்ஸ் விலையைவிட ஒரு ரூபா கம்மி"ன்னு விதி போடுவாங்க. எதிர்ல இருக்கறவரும் அதையே போட்டிருந்தா என்ன ஆகும்? 1,415, 1,414, 1,413ன்னு மாத்தி மாத்தி இறங்கி, ராத்திரி தூங்கி எழுந்திருக்கறதுக்குள்ள ரெண்டு பேரும் அவங்கவங்க கடைசி விலைல நிப்பாங்க. அப்புறம் பட்டன் பங்கு முன்னாடி மாதிரியே பாதிப் பாதி, லாபம் மட்டும் ரெண்டு பேருக்கும் இல்ல. டெலிவரியும் ரெக்கார்டும் சமமா இருந்தா "அதே விலை"ன்னு விதி போட்டாலே சுழற்சில பங்கு கிடைக்கும். உங்க டெலிவரி எதிராளியைவிட வேகம்னா அஞ்சு பத்து ரூபா மேலயே வச்சுப் பாருங்க, பர்சன்ட்டேஜ் விழுதான்னு ஒரு வாரம் கவனிச்சுட்டு அப்புறம் முடிவு பண்ணலாம்.

மினிமம் விலை கட்டாயம் உங்க கடைசி விலைக்கு மேலதான் இருக்கணும், அந்தக் கணக்கைப் போடாம ரீப்ரைசரை ஆன் பண்ணவே கூடாது. மேக்ஸிமமும் போடணும். 2011ல அமெரிக்க அமேசான்ல ஈக்களைப் பத்தின ஒரு உயிரியல் புத்தகத்தோட புதுப் பிரதியை ரெண்டு செல்லர் வித்துட்டிருந்தாங்க. ஒருத்தரோட மென்பொருள் தினமும் எதிராளி விலைல 0.9983 மடங்கு வச்சுது, இன்னொருத்தரோடது அதுல 1.27059 மடங்கு வச்சுது. ரெண்டையும் பெருக்கினா தினமும் சுமார் 27 சதவீதம் ஏத்தம். யாரும் மேல் எல்லை போடல, யாரும் பாக்கவும் இல்ல, புத்தகத்தோட விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டிப் போச்சு. இன்னைக்கு அப்படி நடக்கும்போது பாதி வழிலயே பட்டனை எடுத்துடுவாங்க, ஆனா எடுத்தது உங்களுக்குத் தெரிய வர்றதுக்குள்ள ரெண்டு நாள் விற்பனை போயிருக்கும்.

## ஜெயிக்க முடியாத பக்கம்

சில ஏசின்ல கணக்கே ஒத்து வராது. உங்க கடைசி விலை 1,311, எதிர்ல பிராண்டு கிட்டயே நேரா வாங்கி விக்கற பெரிய செல்லர் 1,279க்கு எஃப்பிஏல வச்சிருக்கார், அவர் வாங்கற விலையே உங்களைவிடக் கம்மி. இது ஒரு வாரத் தள்ளுபடியா, இல்ல நிரந்தரமான்னு முதல்ல பாக்கணும். ஒரு மாசமா அதே விலை, ஸ்டாக்கும் தீரலன்னா அவரோட மோதறதுல அர்த்தம் இல்ல. உங்க விலையை லாபம் நிக்கற இடத்துல வச்சுட்டு விட்டுடுங்க. அவர் ஸ்டாக் தீர்ற நாள்ல பட்டன் உங்களுக்கு வரும், அப்போ இருக்கற ஸ்டாக்கை வித்துக்கலாம். புதுசா வாங்கிப் போடறதை மட்டும் நிறுத்தணும்.

இந்த நிலைமைல சில பேர் ஒரு குறுக்கு வழி எடுக்கறாங்க, அதே ஃப்ளாஸ்க்குக்கு டைட்டிலைக் கொஞ்சம் மாத்தி, வேற பார்கோடு போட்டு புது ஏசின் உருவாக்கி அதுல தனியா உக்காந்துக்கறது. பட்டன் நிச்சயமா உங்களோடதா இருக்கும், ஆனா ரிவ்யூ இல்லாத பக்கத்துக்கு யாரு வருவாங்க? அது மட்டுமில்ல, இருக்கற பொருளுக்கு டூப்ளிகேட் பக்கம் உருவாக்கறது அமேசான் விதிப்படி தப்பு. கண்டுபிடிச்சா பக்கத்தை எடுத்துடுவாங்க, திரும்பத் திரும்ப பண்ணினா விக்கற உரிமையே போயிடலாம், அப்போ நல்லா ஓடிட்டிருக்கற மத்த பொருளும் சேர்ந்து நின்னுடும்.